‘விடல்’ என முடியும் குறள்

தமிழ்த் தேர்வுத் தாளில் வழிவழியாக வரும் கேள்வி ஒன்று உண்டு: இன்ன சொல்லில் முடியும் குறளை அடிபிறழாமல் எழுதுக. மாணவர் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மனத்தில் கிடக்கும் குறளை மேலே இழுத்து விடைத்தாளில் வைத்துவிடுகிறார். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. அந்தக் கடைசிச் சொல் அந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று அவரை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இன்று பரவலாக நிலவும் கருத்து. குறள் எளிய நூல், இரண்டே அடி, ஏழே சீர், பெரும்பாலும் தெரிந்த சொற்கள். ஒரு பொழிப்புரையைப் படித்து, அதற்கு ஒத்த கதையொன்றைச் சொல்லி, அதில் அறியப்படும் நீதி இன்னது என்று முடித்தால் பாடம் நிறைவுற்றது. சொல் சொல்லாக நிறுத்திப் பார்ப்பது புலவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களின் வேலை, சின்னப் பிள்ளைகளிடம் அதைக் கொண்டுபோனால் குறள் கசந்துவிடும் என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம். குறளில் நாம் சறுக்குவது தெரியாத சொல்லில் அல்ல, தெரிந்த சொல்லில். அன்றாட வாழ்க்கைச் சூழலைப் பாடத்துக்குள் கொண்டுவருவது சொல்லாராய்ச்சிக்கு மாற்று ஆகாது. ஆராய்ந்து எடுத்த பொருளை உரசிப் பார்க்கும் கல் அது.

எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது. சங்கப் பாட்டு ஒன்றை எடுத்தால் முதல் அடியிலேயே அகராதி தேவைப்படும். குறளை எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் இன்றும் கடைத்தெருவில் புழங்குகின்றன. ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ‘ஒறுத்தல்’ என்ற சொல்லைக் கண்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை நின்று, அப்படியென்றால் என்ன என்று கேட்கும். தண்டித்தல் என்று சொன்னால் விளங்கிக்கொள்ளும். ‘நன்றி’ என்ற சொல்லைக் கண்டால் எந்தப் பிள்ளையும் கேட்காது, ஆசிரியருக்கும் அதைச் சொல்லத் தோன்றாது. தினம் பத்து முறை வாயில் வரும் சொல்லுக்குப் பொருள் கேட்பார் உண்டா? அந்தப் பழக்கமே பொருளை மறைக்கிறது. சொல்லின் உருவம் அப்படியே இருக்க, உள்ளே இருந்த பொருள் மெல்ல நகர்ந்துவிட்டது என்பதைத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பதினோராம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். இதை இன்று வகுப்பில் எப்படி நடத்துகிறோம்? உதவி செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், மறக்காமல் சொல்ல வேண்டும். பேனா கொடுத்த தோழிக்கு நன்றி சொல். பேருந்தில் இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல். நல்ல பழக்கம்தான். ஆனால் வள்ளுவர் அந்தச் சொல்லை அந்தப் பொருளில் ஆளவில்லை. இதற்குச் சான்று தேடி நூலை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 67ஆம் குறளில் தந்தை மகனுக்கு ஆற்றுவது ‘நன்றி’ என்கிறார். அவனை அவையில் முந்தியிருக்கும்படி செய்வதே அது. மூன்று குறள் தள்ளி, 70இல், மகன் தந்தைக்கு ஆற்றுவதை ‘உதவி’ என்கிறார். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் பெற்றவன் பிள்ளைக்கு நன்றிக்கடன் பட்டவன் ஆகிவிடுவான். 138இல் நல்லொழுக்கத்தை நன்றிக்கு வித்து என்கிறார்; ஒழுக்கத்தை விதைத்தால் பாராட்டு முளைக்கும் என்றா அதற்குப் பொருள்? 439இலும் 652இலும் நன்றி பயக்காத செயல்களை விரும்பாதே, விலக்கு என்கிறார். 685இல் தூதன் பேச்சு நன்றி பயக்க வேண்டும் என்கிறார். இத்தனை இடத்திலும் ‘நன்மை’ என்று வைத்துப் பாருங்கள், பூட்டில் சாவி திரும்புவதுபோல் பொருள் திரும்பும். நன்றி என்பது அங்கே நன்மை, ஒருவர் செய்த நல்லது. பெற்றுக்கொண்டவர் வாயால் திருப்பிச் சொல்லும் சொல் அல்ல.

இலக்கணமும் இதே பக்கம் நிற்கிறது. ‘செய்ந்நன்றி’ என்பது வினைத்தொகை. காலம் மறைந்து நிற்க, செய்த நன்றி என்று விரியும். நன்றி என்பது ‘செய்யப்படுவது’ என்று அந்தத் தொகையே சொல்லிவிடுகிறது. அப்படியானால் நாம் இன்று நன்றியுணர்வு என்கிறோமே, அது அதிகாரத் தலைப்பில் எங்கே இருக்கிறது? ‘அறிதல்’ என்ற சொல்லில் இருக்கிறது. தலைப்பின் பாரம் முழுவதும் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் அந்தச் சொல்லின்மேல்தான். இதைப் பிடித்துக்கொண்டு அதிகாரத்துக்குள் நுழைந்தால், இதுவரை வரிசையாக அடுக்கப்பட்ட புகழ்ச்சிபோல் தெரிந்த முதல் மூன்று குறள்களும் வேறு முகம் காட்டும். நாம் முன்பு ஒன்றும் செய்யாதிருந்தும் ஒருவர் செய்த உதவி, தக்க காலத்தில் செய்த உதவி, திரும்ப என்ன வரும் என்று எண்ணிப் பாராமல் செய்த உதவி என்று மூன்றையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு பெரும்பொருளோடு வைத்து நிறுக்கிறார். ஓர் உதவியின் எடை அதன் விலையில் இல்லை, அது வந்த நிலைமையில் இருக்கிறது என்று அறியச் சொல்வது இது. அந்த மூன்றிலும் பெற்றவர் என்ன சொன்னார் என்ற பேச்சே இல்லை. நன்றி சொல்லும் பாடமாக நடத்தும்போது, அதிகாரத்தின் கருத்தை ஒரு மரியாதைச் சொல்லாகச் சுருக்கிக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

வித்தியாசம் வெறும் அகராதி வித்தியாசமா, வாழ்க்கையில் எதுவும் மாறுமா என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் அன்றாடச் சூழல் பாடத்துக்குள் வர வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நள்ளிரவில் இந்த வீட்டு அம்மாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து தம் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மறுநாளே இந்த வீட்டு மகன் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டான். மூன்று வருடம் கழித்து, சுற்றுச்சுவரை அரையடி தள்ளிக் கட்டிவிட்டார் என்று அதே பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. இன்றைய பொருளில் குறளைப் படித்தவன், அன்றைக்கே நன்றி சொல்லியாயிற்று, அந்தக் கணக்கு தீர்ந்தது, இது வேறு கணக்கு என்பான். பழைய பொருளில் படித்தவனால் அப்படித் தீர்க்க முடியாது. சொன்னதும் சொல்லாததும் அங்கே பேச்சல்ல. செய்யப்பட்ட நன்மை அப்படியே இருக்கிறது, அதை இப்போது அறிகிறாயா என்பதுதான் கேள்வி. 109ஆம் குறள் நேராக இந்த இடத்துக்கே வருகிறது: ஒருவர் பின்னால் எத்தனை கொடிய தீங்கு செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நல்லதை நினைத்தால் அந்தத் தீங்கின் கடுமை இல்லாமல் போகும் என்கிறது. அரையடி நிலத்தை விட்டுக்கொடு என்று அது சொல்லவில்லை. அளவைக்காரரை அழைத்து அளந்துகொள்ளலாம். ஆனால் தெருவில் நின்று, ‘இவனெல்லாம் ஒரு மனுசனா’ என்று கத்த முடியாது. ஒரே சொல்லின் இரண்டு பொருள், ஒரே ஆளை இரண்டு விதமாக நடக்க வைக்கிறது. பாடத்துக்கு எந்தச் சூழலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அளவுகோலும் இதுவே. எந்தப் பொருளைக் கொண்டாலும் ஒரே முடிவுதான் வரும் என்றால் அந்தச் சூழலால் பயனில்லை. அது குறளுக்குப் பூசும் சர்க்கரை. பேனா கொடுத்த தோழி கதை அப்படிப்பட்டதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: பொருள் மாறிய சொற்களைப் பொழிப்புரைகளே விளக்கித் தந்திருக்கின்றனவே, பிறகு எதற்குத் தனியாகச் சொல்லாராய்ச்சி? நல்ல உரையாசிரியர்கள் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் உரை நமக்குத் தருவது விடையை மட்டும். விடைக்கு வந்த வழியை அல்ல. வழி தெரியாதவருக்கு, உரைகள் ஒன்றோடொன்று மாறுபடும்போது செய்வதறியாது நிற்க நேரும். தேர்வுக் கேள்விக்கே திரும்புவோம். ‘விடல்’ என முடியும் குறளை எழுதுக என்றால் ஒரு விடை அல்ல, பல விடைகள் உண்டு. அவற்றில் மூன்று குறள்கள், நமக்குத் தீங்கு செய்தவரை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன. 203ஆம் குறள், தீமை செய்தவர்க்கும் திரும்பத் தீமை செய்யாது விடுவதை அறிவுகளில் எல்லாம் தலையாயது என்கிறது. 158ஆம் குறள், செருக்கினால் மிகையானவற்றைச் செய்தவரை நம் தகுதியால் வென்றுவிடச் சொல்கிறது. மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த 314: இன்னா செய்தவர் நாணும்படி அவருக்கு நல்ல நயமானதைச் செய்து விடுதலே அவரைத் தண்டிக்கும் முறை என்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவரிடம், மூன்று ‘விடல்’களும் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றல்ல. 203இல் விடுதல் என்பது தனி வினை, செய்யாமல் விட்டுவிடுதல். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் குறளின் கருத்தே நிற்காது. 158இல் அது துணைவினை. ‘முடித்துவிடு’, ‘கொடுத்துவிடு’ என்று நாம் தினம் சொல்கிறோமே, அதுபோல வெல்வதன் உறுதியை மட்டும் காட்டுகிறது. அப்படியானால் 314இல்? துணைவினை என்று கொண்டால், நல்லதைச் செய்துவிடு என்பதோடு குறள் முடிகிறது. இன்று பெரும்பாலான வகுப்புகளில் சொல்லப்படும் கருத்து இதுதான். பரிமேலழகர் அப்படிக் கொள்ளவில்லை. அவர் உரையில் விடுதல் என்பது மறத்தல். மறக்க வேண்டியவை இரண்டு, அவர் செய்த தீமையும் நாம் செய்த நன்மையும். மு. வரதராசனார் தெளிவுரையும் இதே வழியில் தீமை நன்மை இரண்டையும் மறந்துவிடச் சொல்கிறது. ஒரு சொல்லை எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கட்டளை கூடுகிறது அல்லது குறைகிறது.

இந்த இரண்டில் எது சரி என்று நூலின் சான்றை வைத்தே வாதாடலாம். துணைவினைப் பக்கம் நிற்பவர் 158ஐக் காட்டுவார்: சூழலும் ஒன்று, சொல்லமைப்பும் ஒன்று, அங்கே மறத்தல் என்று எதையும் சேர்க்கவில்லையே என்பார். பரிமேலழகர் பக்கம் நிற்பவர் 158 இடம்பெறும் அதே பொறையுடைமை அதிகாரத்தின் 152ஐக் காட்டுவார்: பிறர் எல்லை மீறியதைப் பொறுப்பதைவிட மறப்பது நல்லது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்பார். இன்னொரு சான்று 314ஆம் குறளுக்குள்ளேயே இருக்கிறது. அது ‘நாண’ என்ற சொல். இன்று நாணம் என்றால் கல்யாணப் பெண் தலை குனிவது நினைவுக்கு வரும். நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் அந்த நாணத்தை வேறாகப் பிரித்து வைத்துவிட்டு, தகாத செயல் காரணமாக வருவதே தாம் பேசும் நாண் என்கிறார். செயலைச் செய்தவன் தானே உணர்ந்து உள்ளுக்குள் கூசுவது அது. வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து சாத்துவதற்கு அவமானம் என்று பெயர். அவன் தானே நாண வேண்டும் என்றால், நல்லது செய்தவர் அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்தாக வேண்டும். மறத்தல் என்ற பொருள் ‘விடல்’ என்ற சொல்லில் நேராக இல்லாவிட்டாலும், ‘நாண’ என்ற சொல் அதைக் கேட்கிறது. எனக்குப் பரிமேலழகர் பக்கம் சாய்வு உண்டு. காரணம் இந்தச் சொல்தான், அவர் பெயர் அல்ல.

இதையும் சூழலில் வைத்து உரசுவோம். அலுவலகத்தில் ஒருவர் உங்களைப் பற்றி மேலாளரிடம் பொய்யாகக் கோள் மூட்டிவிட்டார். சில வாரம் கழித்து, அவர் மகளுக்குக் காய்ச்சல். அவருடைய இரவு வேலையை நீங்கள் பார்த்துக் கொடுக்கிறீர்கள். துணைவினைப் பொருளில் குறள் இங்கே நிறைவேறிவிட்டது. மறுநாள் தேநீர் வேளையில், ‘என்னைப் பத்தி அப்படிச் சொன்னவருக்கே நான்தான் டியூட்டி பார்த்தேன்’ என்று நீங்கள் நாலு பேரிடம் சொன்னாலும் குறள் உங்களைத் தடுக்காது. பரிமேலழகர் பொருளில் அந்த ஒரு பேச்சிலேயே முழுவதும் கெட்டுப்போகிறது. அவர் இப்போது கூசுவது தம் செயலை நினைத்து அல்ல, நாலு பேர் பார்வையை நினைத்து. நீங்கள் செய்தது நன்மையின் வேடத்தில் ஒரு பழிவாங்கல். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் இந்த வேறுபாடு புரியும், ஏனென்றால் வகுப்பறையில் தினம் நடப்பது இது. கூடவே ஆசிரியர் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: 314 இடம்பெறும் இன்னாசெய்யாமை அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது, பரிமேலழகர் இதைத் துறந்தவர்க்கு உரியதாகவே உரைக்கிறார். அலுவலகத்துக்காரரிடம் இதைக் கேட்பது நம் விரிவு. அதை நம் விரிவு என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இவற்றைவிட வலுவானது. மொழி மாறிக்கொண்டே இருக்கும், ஒரு நூல் வாழ்வது அந்தந்தக் காலம் அதற்குக் கொடுக்கும் பொருளில்தான். இன்றைய தமிழர் நன்றி என்பதை நன்றியாகவே படித்தால் அதுவும் ஒரு வாசிப்பு, அதைத் தவறு என்று சொல்ல நீ யார் என்பது அது. ஒரு தனிக் குறளைப் பிய்த்துச் சுவரில் எழுதி வைத்திருக்கும்வரை இந்த வாதம் நிற்கும். நூலாகப் படிக்கத் தொடங்கியதும் நிற்காது. அந்தப் பொருளோடு 67ஐப் படிக்க முடியவில்லை, 138ஐப் படிக்க முடியவில்லை, 685ஐப் படிக்க முடியவில்லை. ஒரு வாசிப்பு தன் சொந்த நூலிலேயே நாலு இடத்தில் முட்டிக்கொண்டால் அதைப் புது வாசிப்பு என்று எப்படிச் சொல்வது? கவனக்குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். நன்றி சொல்லும் பண்பைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கற்பிக்கலாம். அதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

சொல்லாராய்ச்சி என்ற பெயரில் நடக்கும் தவறுகளையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பின் சலிப்புக்கு அவையும் காரணம். சொல்லை இரண்டாகப் பிளந்து, வேரைத் தோண்டி, கிடைத்ததையெல்லாம் பொருளாக்கும் மேடைப் பழக்கம் ஒன்று இருக்கிறது. கைதட்டு கிடைக்கும், பொருள் கிடைக்காது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதும், ஒரு நூலில் எதைக் குறிக்கிறது என்பதும் இரண்டு கேள்விகள். 104ஆம் குறளில் வரும் ‘தினைத்துணை’யில் துணை என்றால் கூட வரும் ஆள் அல்ல, அளவு. இதை எந்தப் பிளத்தலும் சொல்லித் தராது. தினையும் பனையும் மறுபடி சேர்ந்து வரும் 433ஐப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். அங்கே சிறு குற்றத்தைப் பெருங்குற்றமாகக் கொள்வது பேச்சு, ஆள்துணைக்கு இடமே இல்லை. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: அதே சொல் அதே நூலில் வேறு எங்கே வருகிறது என்று முதலில் பார்ப்பது, பிறகு பழைய உரைகள் என்ன சொல்கின்றன என்று கேட்பது, அகராதி அதற்குப் பிறகு, ஏனென்றால் அகராதி எல்லாப் பொருளையும் அடுக்கித் தருமே தவிர இந்த இடத்துக்கு எது என்று சொல்லாது. கடைசியில் சூழல். ஏழு சீரையும் இப்படிக் குடைந்தால் குறள் கசக்கும் என்பது மெய்தான்; குடைய வேண்டியதும் இல்லை. ஒரு குறளுக்கு ஒரு சொல் போதும், அதுவும் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகப் பார்த்து.

நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றே இருக்கிறது: தேர்வுத் தாளில் ஒரு வரியை மாற்றினால் நேரம் தானாகக் கிடைக்கும். ‘விடல்’ என முடியும் குறள் ஒன்றை எழுதுக என்பதற்குப் பதிலாக, 158, 203, 314 ஆகிய மூன்று குறள்களையும் தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். எந்த விடலை எடுத்துவிட்டால் குறள் நிற்காது, எதை எடுத்தாலும் நிற்கும், எதில் உரைகாரர்களுக்குள் வழக்கு இருக்கிறது, அந்த வழக்கில் நீ யார் பக்கம், ஏன் என்று கேட்கலாம். மனப்பாடம் செய்யாதவரும் இதற்கு விடை எழுதலாம். மனப்பாடம் மட்டும் செய்தவரால் முடியாது.